தப்பான நூற்றாண்டு போட்ட அட்டைகள்

ஆறு வருடமாக நான் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருந்த தப்பைக் கண்டுபிடித்தது என் நெறியாளர் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.டி.பி. கடை வைத்திருக்கும் பெண். ஏட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க அப்போது இருபத்தோரு நாள்தான் பாக்கி. அது கடைசி நீட்டிப்பு. தவறினால் பதிவே ரத்து.

நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பட்டம் இல்லாமல் ஜூன் மாதம் வந்து நின்றால் உங்கள் வகுப்புகளை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. விதி அப்படி. ஆனால் எனக்கு வயது முப்பத்தொன்பது. இந்த வேலை போனால் இந்தப் பக்கத்தில் வேறு கல்லூரி என்னைச் சேர்க்காது.

என் ஆய்வு, தமிழ்ச் சொற்கள் பொருள் மாறிய விதம். வகுப்பில் எப்போதும் எண்ணெயில்தான் தொடங்குவேன். எள்ளின் நெய் எண்ணெய். நல்லெண்ணெய் ஒன்றுக்கு மட்டும் இருந்த பெயர். பிறகு தேங்காயில் எடுத்ததும் எண்ணெய், பூமியைத் தோண்டி எடுத்ததும் மண்ணெண்ணெய். இது பொருள் விரிவது. அதிலேயே உள்ள நெய் வேறு வழியில் போனது. ஒரு காலத்தில் பிசுக்குள்ள எதுவும் நெய். இன்று கடையில் நெய் கொடு என்றால் வெண்ணெய் உருக்கியதைத்தான் எடுத்துத் தருவான். இது பொருள் சுருங்குவது. பூவின் காம்பைப் பார்த்து மண்வெட்டியின் பிடிக்கும் காம்பு என்று பெயர் வைத்தது உருவகம். நாற்றம் என்றால் முன்பு வாசனை, இன்று மூக்கைப் பிடிக்க வேண்டும். இது இழிபொருள். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும். ஆய்வேட்டுக்குப் போதாது. அங்கே எந்தக் காலத்தில் எந்தப் பொருள் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும்.

அதற்குத்தான் அட்டைகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. பழைய பொருள், புதிய பொருள், எந்த நூலில் எந்த அடியில் வருகிறது, அது எந்த நூற்றாண்டு, எந்த வகை மாற்றம். இருநூற்றுப் பதினான்கு அட்டை சேர்த்தேன்.

டி.டி.பி. கடைக்காரிக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள். ஆனால் பத்து வருடமாக ஆய்வேடுகளை அடித்து அடித்து எந்தப் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரியும். அன்று காலை மூன்றாவது இயலை அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, கெயவன்னா அந்தக் காலத்துல ஓனரா?"

"ஆமா. கிழவன்னா உரிமை உள்ளவன். ஊரை வெச்சிருக்கறவன்."

"இத எங்க மாமனாராண்ட சொல்லிடாத. ஏற்கெனவே வூட்ட எழுதித் தர மாட்டேன்னு குந்திக்கினு கீறாரு."

இருவரும் சிரித்தோம். அன்று அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை நிறுத்தினாள். "இன்னாக்கா இது? முதல் இயல்ல, பாட்டுக்கு உர எழுதுனவரு ஆயிரம் வருசம் கயிச்சு வந்தாருன்னு நீயே எழுதிக்கீற. இங்க அர்த்தத்துக்குக் கீய அவரு பேரப் போட்டுட்டு, நூற்றாண்டு மட்டும் பாட்டோடத போட்டுக்கீற. எது கரெக்டு?"

"எந்தச் சொல்லு?"

"எல்லாத்துக்கும் அப்டித்தான் கீது."

திரையைப் பார்த்தேன். அட்டைப் பெட்டியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, பத்து.

தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பழைய பாட்டில் ஒரு பறவையின் பெயர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் அது மரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது இன்ன பறவை என்று சொல்வது பாட்டு இல்லை, உரைகாரர். அவர் பாட்டு எழுதிய ஆளைப் பார்த்ததில்லை. தன் காலத்தில் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். அவர் சொன்ன பொருளுக்கு அவர் காலம்தான் சான்று. நான் அந்தப் பொருளைத் தூக்கிப் பாட்டின் நூற்றாண்டில் வைத்துவிட்டேன். ஆயிரம் வருடப் பிழை. வைத்துவிட்டு, பொருள் இப்படி மாறியது, அப்படிச் சுருங்கியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாதபோது எதிலிருந்து எதற்கு மாறியது என்று எவளால் சொல்ல முடியும்?

இந்தத் தப்பை முட்டாள் செய்ய மாட்டான். உரையோடு சேர்த்தே பாட்டைப் படித்துப் பழகியவர்கள்தான் செய்வார்கள். எங்களுக்குப் பாட்டும் உரையும் ஒரே புத்தகம், ஒரே பக்கம். நடுவில் உள்ள கோடு கண்ணுக்குத் தெரியாது.

மறுநாள் வாலாஜாபாத்தில் இருக்கும் நெறியாளர் வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. தமிழ்த்துறைப் பேராசிரியர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டேன். முழுவதும் கேட்டார்.

"எல்லாரும் இப்படித்தாம்மா போடறாங்க. புறத்தேர்வாளர் அட்டையையா எண்ணப்போறார்? முன்னுரை, முடிவுரை, துணைநூற்பட்டியல். அதோட மூடிடுவார்."

"தப்புன்னு தெரிஞ்சுபோச்சே சார்."

"உனக்குத் தெரிஞ்சுது. உனக்கு மட்டும்."

"டைப் அடிக்கறவளுக்கே தெரிஞ்சுது சார்."

அவர் முகம் சுருங்கியது. "அப்போ அவளையே நெறியாளரா வெச்சுக்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். ஒழுக்கம் பெரிது, உண்மை பெரிது என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுதினால் பொய். வாய்மொழித் தேர்வில் ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்ற பயம் பாதி. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட என் ஏட்டைப் படிக்காத ஆள் என்னை வாயை மூடச் சொல்கிறாரே என்ற ஆத்திரம் பாதி.

அட்டைகளைப் பிரித்தேன். கல்லூரி முடிந்து மாலை, விடுமுறை நாளில் பகல் முழுவதும். பாட்டின் அடியே பொருளைக் காட்டிக்கொடுக்கிறதா? பூவின் நாற்றம் என்று இருந்தால் உரைகாரர் வேண்டாம், பூவே சாட்சி. காவல் நிற்கிற வாசலும் உள்ளே அரசனும் இருந்தால் கோயில் என்பது அங்கே அரண்மனை. அப்படிப்பட்டவை ஒரு பக்கம். உரைகாரரை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாதவை மறுபக்கம். உருவகங்கள் ஓரளவு தப்பித்தன. பொருள் சுருங்கியவை என்று எழுதியவை கூட்டமாகச் செத்தன. ஒரு சொல் சுருங்கியது என்று சொல்ல முன்பு அது எவ்வளவு பரந்திருந்தது என்று தெரிய வேண்டும். அந்தப் பரப்பு முழுவதையும் எனக்குச் சொல்லியிருந்தவர் உரைகாரர்தான்.

கடைசியில் ஐம்பத்தெட்டு மிஞ்சின. ஒரு வாரம் போயிருந்தது.

இழிபொருள் இயலில் உறுதியாக நின்றது சேரி. அதற்கு உரைகாரர் தேவையே இல்லை. எங்கள் உத்திரமேரூர்க் கோயில் மண்டபச் சுவரிலேயே இருக்கிறது. சோழர் காலத்தில் சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும்போது, ஊரில் பன்னிரண்டு சேரி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சபையில் உட்கார்ந்தவர்களின் தெருக்கள் அவை. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். எந்த அரசனின் எந்த ஆண்டு என்று கல்லே சொல்கிறது. இன்று அந்தச் சொல்லை எவன் வாயில் கேட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன், ஏனென்றால் அது என்னைச் சொல்வது. அப்புறம் அதை மாற்றிக் காலனி என்றார்கள். சென்னையில் பங்களா இருக்கும் இடத்துக்கும் காலனி என்றுதான் பெயர். இங்கே பஸ்ஸில் காலனி ஸ்டாப் என்று சொன்னதும் பக்கத்து சீட்டுக்காரி காலை நகர்த்திக்கொள்வாள். அழுக்கு சொல்லில் இல்லை. ஆட்கள் மேல் வைத்த வெறுப்பு அவர்களைக் குறிக்கும் எந்தச் சொல்லின் மேலும் வந்து உட்காரும். சொல்லை மாற்றினால் அடுத்த சொல்லுக்குப் போகும். இதை அப்படியே எழுதினேன்.

டி.டி.பி. கடைக்காரி அதை அடித்து முடித்துவிட்டு, "நா காலனிக்குள்ள தண்ணி குடிச்சதில்லக்கா," என்றாள். "எங்கூட்ல சொல்லி வளத்தது." அவள் அடுத்த பக்கத்தை எடுத்தாள்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு நெறியாளரிடம் கையெழுத்துக்குப் போனேன். ஏட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல் ஆட்டினார்.

"பாதிகூட இல்லையேம்மா."

"மீதி தப்பு சார்."

புரட்டினார். சேரி பற்றிய பக்கத்தில் நின்றார். "இது எதுக்கு? வாய்மொழித் தேர்வுல வந்து உக்கார்றவங்கள்ல நாலு பேர் முகம் சுளிப்பாங்க. இத எடுத்துடு. பழைய அட்டைய எல்லாம் திரும்பச் சேரு. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

"இதுக்குத்தான் சார் நல்ல சான்று இருக்கு. மத்ததெல்லாம் போனாலும் இது போகாது."

"நான் போடலைன்னா?"

ஆறு வருடமும் வேலையும் அந்த மேசைமேல் இருந்தன. "ஏன் போடலைன்னு எழுதிக் குடுங்க சார். அதையும் சேத்து பல்கலைக்கழகத்துல குடுத்துடறேன்," என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. வேறு எதுவும் தோன்றவில்லை.

அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டியது. நெறியாளர் பேனாவைத் திறந்து, சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஏட்டை என் பக்கம் தள்ளினார். "இதுக்கப்புறம் எதுக்கும் என்கிட்ட வராதே."

சென்னையில் ஒப்படைத்தேன். ஜூன் வந்தது. தேர்வாளர்களிடமிருந்து தகவல் இல்லை. என் வகுப்புகளை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அவளுக்குப் பட்டம் இருக்கிறது. அவளுடைய ஏட்டை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். உரைகாரர் சொன்ன பொருளுக்குப் பக்கத்தில் பாட்டின் நூற்றாண்டு. பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான். மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது நவம்பர். வாரத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்கிறேன். எடுப்பவர், அறிக்கை வந்தால் கடிதம் வரும் என்கிறார். கடிதம் வரவில்லை.