முப்பத்தொன்பதா, நாற்பதா

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். நடுவில் "அப்பத்தா, மெதுவா" என்று அதட்டுகிறாள். சந்தோஷமாக இருக்கும்போது மெதுவாகப் பேச எனக்கு வராது.

என் மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். எழுமலைப் பக்கம் தக்காளி, கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு பரவை மார்க்கெட்டில் இறக்குவான். போன வருஷம் அவனோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பையன் திண்டுக்கல் ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டான். சாவு வீட்டில் அவன் பெண்டாட்டி கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் என் கண்ணுக்குள் அந்தப் பார்வைதான். எங்கள் வீட்டிலும் இரண்டு பெண் பிள்ளைகள்.

அன்றிலிருந்து நானும் மருமகளும் அவனை விடவில்லை. இன்சூரன்ஸ் போடு, இன்சூரன்ஸ் போடு என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னோம். "நான் சாகுறதுக்கு இப்பவே அட்வான்ஸ் குடுக்கச் சொல்றீகளா?" என்பான். அரித்து அரித்துத்தான் ஆவணி மாதம் காளவாசலுக்குப் போனான். அங்கே மாடியில் ஒரு ஆபீஸ். பல கம்பெனி பாலிசியும் அங்கேயே வாங்கலாம். உள்ளே இருந்த பெண் இரண்டு மூன்று கம்பெனி பார்த்து, இருப்பதிலேயே குறைச்சலான தொகையைச் சொன்னாள். இவனுக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் வண்டியை ஓட்டத் தகுதின்னு காட்டுகிற எப்.சி. செலவு, மூத்தவளுக்குப் பள்ளிக்கூடப் பணம் என்று தள்ளிப்போட்டு மாசி வந்துவிட்டது.

மாசியில் அந்தப் பெண் போன் போட்டாள். மகன் குளித்துக்கொண்டிருந்தான். நான்தான் எடுத்தேன்.

"அண்ணனுக்கு எத்தனை வயசு பாட்டி?" என்று கேட்டாள்.

"நாப்பது நடக்குது தாயி" என்றேன்.

வேறு எப்படிச் சொல்வது? வைகாசியில் முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. முடிந்ததை யார் சொல்வார்கள், நடப்பதைத்தானே சொல்வோம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது மட்டும்தான் முடிந்த வயதைச் சொல்வோம். சில பேர் அதையும் சொல்ல மாட்டார்கள். என் வயதைக் கேட்டால் எனக்கே தெரியாது. ஆதார் எடுக்க வந்த பையன் என் முகத்தைப் பார்த்து ஒரு வருஷம் போட்டான், ஜனவரி ஒன்று என்றான். எனக்கும் வெள்ளைக்காரன் வருஷத்துக்கும் ஒரே பிறந்த நாள்.

மறுநாள் மகன் அந்த ஆபீசுக்குப் போய்விட்டு உர்ரென்று வந்தான்.

"தொகை ஏறிப்போச்சு. நாப்பது வயசுக்காரனுக்கான கணக்காம். ஆவணியிலயும் எனக்கு முப்பத்தொம்பது, இப்பவும் முப்பத்தொம்பது. நடுவுல யாரு வயசக் கூட்டுனது? ஆத்தா, போன்ல நீ என்ன சொன்ன?"

"நடக்குற வயசச் சொன்னேன்டா."

"சொல்லிட்டியா? நல்லாருக்கு! பெத்தவளே ஒரு வயசக் கூட்டிச் சொன்னா கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? எனக்கு வேணாம் இந்தச் சோலி."

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை நாள் அரித்துக் கரையேற்றியதை நானே ஒரு வார்த்தையில் கவிழ்த்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவன் அப்பாவும் அப்படித்தான். ஒரு நாள் ரசத்தில் உப்பு கூடியதற்கு ஒரு வருஷம் ரசமே தொடவில்லை.

காலையில் அவனிடம் சொன்னேன்: "அந்த ஆபீசுக்கு என்னையக் கூட்டிட்டுப் போ. நான் சொன்னதுதான் தப்புன்னா நானே மாத்திச் சொல்லிட்டு வாரேன்."

மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. உள்ளே நல்ல குளிர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தண்ணீர் கொடுத்தாள்.

"தாயி, நான் நாப்பதுன்னு சொன்னது தப்பு. முடிஞ்சது முப்பத்தொம்பதுதான். அத அழிச்சிட்டுப் பழைய தொகையே போடு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க சொன்னத நான் எழுதவே இல்ல பாட்டி. அண்ணனோட ஆதார்ல இருக்கற தேதிய வச்சுத்தான் கணக்கு."

"அப்ப ஏம்மா ஏறுச்சு?" என்று மகன் கேட்டான்.

"அந்தக் கம்பெனி முடிஞ்ச வயசப் பார்க்காது அண்ணே. எந்தப் பிறந்த நாள் கிட்டக்க இருக்குன்னு பார்க்கும். ஆவணியில முப்பத்தொம்பது முடிஞ்சு மூணு மாசம். போன பிறந்த நாள்தான் கிட்ட, அதனால முப்பத்தொம்பது. கார்த்திகையோட ஆறு மாசம் தாண்டிருச்சு. இப்ப வரப்போற பிறந்த நாள்தான் கிட்ட. அதனால நாப்பது."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு அம்புட்டு நிம்மதி! தப்பு என் பேரில் இல்லை.

"அப்ப எங்க ஆத்தா கணக்குத்தான் அவங்களுக்கும்" என்றான் கிண்டலாக.

"இல்லண்ணே. பாட்டி கணக்குல பிறந்த நாளுக்கு மறுநாளே நாப்பது. கம்பெனிக்காரங்க அரை வருஷமாவது பொறுத்தாங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகனும் கொஞ்சம் இளகினான்.

பிறகு அவள் வேறொரு கம்பெனியைக் காட்டினாள். அங்கே முடிந்த வயதுதான் கணக்கு. வைகாசிப் பிறந்த நாள் வரைக்கும் இவன் முப்பத்தொன்பதுதான்.

"அப்படின்னா ஆவணியிலயே இதச் சொல்லிருக்கலாம்ல?" என்று மகன் மறுபடி முறைத்தான்.

"அன்னைக்கு இந்தக் கம்பெனித் தொகைதான் கூட. இவங்க முப்பத்தொம்பது முடிஞ்ச நாள்ல இருந்து நாப்பதுக்கு முதல் நாள் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே தொகை வாங்குறாங்க. அதனால அதக் கொஞ்சம் தூக்கியேதான் வச்சிருப்பாங்க. பிறந்த நாள் முடிஞ்ச கையோட வந்தா உங்களுக்கு அந்தக் கம்பெனி லாபம், அரை வருஷம் தாண்டி வந்தா இந்தக் கம்பெனி லாபம். வயசப் பார்க்காதீங்க, ரெண்டு தொகையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தான். ஆவணியில் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட. நேற்றுச் சொன்னதைவிட நன்றாகவே குறைச்சல்.

"அடுத்த வருசம் வயசு ஏறுனா இதுவும் ஏறுமா தாயி?" என்று நான் கேட்டேன்.

"ஏறாது பாட்டி. பாலிசி ஆரம்பிக்கிற அன்னைக்கு என்ன வயசோ அந்தத் தொகைதான் கடைசி வருசம் வரைக்கும். ஆனா வைகாசிக்குள்ள ஆரம்பிச்சிரணும். பிறந்த நாள் தாண்டிட்டா இங்கயும் நாப்பதுதான்."

மகன் தாடையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். நான் மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். வரும் வழியில் பார்த்த கோயில் மாதாவையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் யார் கேட்டாலும் சரிதான்.

"எந்த இடத்துலம்மா கையெழுத்துப் போடணும்?" என்று அவளைக் கேட்டான்.

அதோடு முடியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். சர்க்கரை இருந்தால் தொகை கூடும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் டீயில் போடுகிற சீனி எனக்குத் தெரியும். பங்குனி முழுக்க, போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடினேன். சர்க்கரை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. சொன்ன தொகையிலேயே, சித்திரை பிறக்கும் முன்னே பாலிசி ஆரம்பமாகிவிட்டது.

போனில் தகவல் வந்ததும் மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து படித்துக் காட்டினாள். படித்து முடித்து என் தோளில் சாய்ந்து அழுதாள். என் மேல் கோபமெல்லாம் எப்போது போனதென்று தெரியவில்லை. மகன் மட்டும், "பொழுதுக்கும் அழுதுக்கிட்டே இருங்க. லோடுக்கு நேரமாச்சு, போறேன்" என்று வண்டியை எடுத்தான்.

அவன் கிளம்பினால் திரும்பி வரும்வரை எனக்குக் கண் வாசலில்தான் இருக்கும். அன்றைக்கு மத்தியானம் பாயை விரித்துப் படுத்தேன். பேத்தி வந்து எழுப்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.