துரைராசுவுக்கு ஏற்றிய வயது

என் தம்பி அறிவுச்செல்வன் திருத்துறைப்பூண்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் நாற்று முடி தூக்காமல் சம்பாதித்த முதல் ஆள் அவன்தான். நான் எட்டாவதோடு நின்றவள். கடையில் படத்துக்குப் பிரேம் போடுவதும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை.

கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுப்பான். ஆனால் சீர்காழி, நாகூர் வரைக்கும் அவன் பேர் தெரிந்தது வேறொரு வேலைக்காக. இளம் வயதில் இறந்துபோன கணவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து ஜோடிப் படம் கேட்டு அறுபது வயது அம்மாக்கள் வருவார்கள். பழைய முகத்தை அப்படியே ஒட்டினால் அம்மாவும் மகனும் போல இருக்கும். அதனால் தம்பி அந்த முகத்துக்கு வயது ஏற்றுவான். மற்ற கடைகளில் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டிச் செய்துவிடுகிறார்கள். அது மெழுகு பொம்மைக்குக் கோடு கிழித்த மாதிரி வரும். தம்பி ஒரு முகத்துக்கு இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்வான்.

அம்சம் என்பவள் வந்தது தை மாதம், அறுவடை முடிகிற சமயத்தில். பக்கத்துக் கிராமம். மகள் கயல்விழிக்குக் கல்யாணம். பிளக்ஸில் போட, தானும் கணவர் துரைராசுவும் சேர்ந்த படம் வேண்டும் என்றாள். அவர் மலேசியாவில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை, புதுப் படம் எதுவும் கைவசம் இல்லை என்றாள். கையில் இருந்தது அவர்களுடைய கல்யாண போட்டோ ஒன்றுதான். அவருடைய அண்ணன் அரசப்பனையும் கூட்டி வந்திருந்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகவெட்டு, ஒரே உடல்வாகு.

போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லக் கூடாதா என்று நான் கேட்டேன். அவள் மகளின் ஜாக்கெட் அளவைப் பற்றிப் பேசினாள்.

தம்பி முதலில் கல்யாண போட்டோவை ஸ்கேன் செய்தான். அதில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. அதே பக்கத்தில் விளக்கு வைத்து, அதே கோணத்தில் தலையைத் திருப்பச் சொல்லி அரசப்பனைப் படம் எடுத்தான். பிறகு அந்தப் படத்தில் துரைராசுவின் கண், மூக்கு, வாய், காது ஆகியவற்றை வைத்தான். நெற்றிச் சுருக்கமும் கழுத்தும் நரையும் அண்ணனுடையவை. தோலின் நிறத்தைத் தனியாகவும், மயிர்க்கால் தெரியும் அந்தச் சொரசொரப்பைத் தனியாகவும் பிரித்துக்கொள்வான். அப்படிப் பிரித்தால் அண்ணனின் கறுப்பு வராமல் அண்ணனின் தோல் முதிர்ச்சி மட்டும் துரைராசுவுக்கு வரும். கண் இமையைக் கொஞ்சம் தொங்கவிட்டான், கண்ணின் வெள்ளையை லேசாக மங்கவைத்தான், உதட்டை மெலித்தான், மூக்கு நுனியை ஒரு துளி இறக்கினான். சிரித்தால் எங்கே மடியுமோ அந்த இடத்தில்தான் கோடு விழும் என்பான்.

அம்சம் வந்து திரையைப் பார்த்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். சந்தோஷம் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி ஒரு காரியம் செய்தான். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். அடுத்து கல்யாண பிளக்ஸையும் போட்டான். தேதி, மண்டபம், அடியில் எப்போதும் போல எங்கள் கடை நம்பர். அம்சத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்கள் அதை எடுத்துத் தங்கள் குரூப்புகளில் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. சீர்காழியில் நெல் லாரி ஓட்டுகிறவராம், பெயர் அரவிந்தன். மிகவும் மரியாதையாகப் பேசினார். தம்பி ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

“அண்ணே, அந்த வயசு ஏத்துன படத்துல இருக்கவரு எங்க ரைஸ்மில்லுல மூட்டை தூக்குறாருங்க. கண்ணும் காதும் அப்புடியே இருக்கு. இங்க ராசுன்னு கூப்புடுவோம். போன்ல காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. கல்யாணம் எங்க, எந்த மண்டபம்னு கேட்டாரு, சொல்லிட்டேன். குடும்பத்தை விட்டுப் பிரிஞ்ச மனுசன் போல. சேத்து வைங்க, புண்ணியமா போவும்.”

தம்பி அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டான். இத்தனை வருஷம் கழித்து, நேரில் பார்க்காத முகத்தை அடையாளம் காட்டும்படி செய்திருக்கிறான் இல்லையா. அம்சத்துக்குப் போன் செய்து சொன்னான். பாதியிலேயே லைன் அறுந்துவிட்டது. டவர் இல்லை என்று நினைத்தான். ஒரு மணி நேரத்தில் அவளே கடையில் வந்து நின்றாள். நடந்து வந்திருந்தாள் போல, புடவை முழுக்கப் புழுதி.

மலேசியா பொய். கயல்விழிக்கு நாலு வயதாக இருக்கும்போது, ஒரு நாள் சோறு குழைந்துவிட்டது என்று துரைராசு இவள் மேல் மண்ணெண்ணெயை ஊற்றியிருக்கிறான். தீப்பெட்டி நனைந்திருந்ததால் பிழைத்தாள். அரசப்பன்தான் தன் தம்பியை அடித்து, பஸ்ஸில் ஏற்றி, இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று துரத்தியவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது எதுவும் தெரியாது. அப்பா எங்கே என்று கேட்டபோது மலேசியா என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன வாய்க்கு ஏற்ற படம் வேண்டியிருந்தது.

“அவரு எப்படி இருப்பாருன்னே எனக்குத் தெரியாமப் போச்சு. அதுதான் இத்தனை வருசம் எனக்கு நிம்மதி,” என்றாள். “நீங்க காட்டிட்டீங்க தம்பி. இப்ப கண்ண மூடுனா அந்த மூஞ்சிதான் வருது.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டேட்டஸை அழித்தான். அழித்து என்ன? போனது போனதுதான். அரவிந்தனுக்குத் திரும்பப் போன் செய்தால், ராசு அன்றைக்கு மில்லுக்கே வரவில்லை, அவர் படம் எதுவும் தன்னிடம் இல்லை என்றார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. தேதியைத் தள்ளினால் காரணம் சொல்ல வேண்டும். அரசப்பன் வாசலில் நின்றால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம், ஆனால் அப்பா ஸ்தானத்தில் மணவறையில் உட்கார வேண்டியவர் அவர். வாசலில் நிற்கப்போகும் பையன்கள் துரைராசு போனபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். தம்பி தானே வாசலில் நிற்கிறேன் என்றான்.

“உனக்கு மட்டும் எப்புடிடா தெரியும்? நீ செஞ்ச படம் சட்டையும் சிரிப்புமா மலேசியாக்காரரு மாதிரில்ல இருக்கு,” என்றேன்.

அவனுக்கும் அது உறைத்தது. அரசப்பன் சாப்பாட்டுக்குக் குறையில்லாத மனிதர். அவருடைய முதுமையை மூட்டை தூக்குகிறவனுக்கு வைத்திருக்கிறோம். மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து வேறு வேறு மாதிரி செய்தான். ஒன்றில் மொட்டைத் தலை. ஒன்றில் முழுத் தாடி. ஒன்றில் உடம்பு வற்றிக் கன்னம் ஒட்டியிருந்தது. ஒன்றில் கடைவாய்ப் பல் இல்லாமல் வாய் உள்வாங்கியிருந்தது. வெயிலில் கிடக்கிற தோலுக்குச் சுருக்கம் மெல்லிசாக வராது, பிடரியில் கட்டம் கட்டமாக வெடிக்கும் என்று, களத்துமேட்டில் வேலை செய்தவர்களின் பழைய படங்களைத் தேடி அந்தத் தோலை எடுத்தான். எந்தப் படத்திலும் அவன் மாற்றாதது இரண்டு: கண்களுக்கு நடுவில் உள்ள தூரம், காது. துரைராசுவுக்குக் காதின் கீழ் மடல் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். வயதானால் காது நீளும், ஒட்டிய மடல் பிரியாது.

அம்சம் வந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். பார்க்காதே என்று சொன்னேன், கேட்கவில்லை. ஒரே மனிதன் திரையில் மாறி மாறி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. எனக்குமே கடையைப் பூட்டிவிட்டுப் போகும்போது வழியில் வருகிற ஒவ்வொரு ஆணின் காதையும் பார்க்கிற வியாதி வந்துவிட்டது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில். எத்தனை பேருக்கு மடல் ஒட்டியிருக்கிறது தெரியுமா?

கல்யாணத்தன்று தம்பி கேமராவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வாசலில் பன்னீர்த் தட்டுக்குப் பக்கத்தில் நின்றான். நான் உள்ளே, அம்சத்துக்குப் பக்கத்தில். அவள் மணவறையைப் பார்த்ததைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தாள். மாப்பிள்ளையின் அத்தை வந்து வணக்கம் சொன்னபோதுகூட அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

வாசலில் நடந்ததைத் தம்பி பிற்பாடு சொன்னான். முகூர்த்த நேரம் நெருங்கும்போது, தலையில் துண்டு கட்டிய ஒரு கிழவர் வந்து பிளக்ஸ் முன்னால் நின்றார். தம்பி அவரைக் கவனிக்கவே இல்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், யாருக்கோ தாத்தா என்று விட்டுவிட்டான். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபோது காதைப் பார்த்தான். அப்புறம் கண்களைப் பார்த்தான்.

கிழவரே கிட்டே வந்தார். “இவரு யாரு தம்பி?” என்று படத்தைக் காட்டினார்.

“பொண்ணோட அப்பா.”

“உள்ள இருக்காரா?”

“மலேசியாவுல இருக்காருங்க. லீவு கெடைக்கல.”

பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், சாப்பிட வந்தவர் என்று நினைத்து, “வாங்க பெரியவரே, பந்தி அந்தப் பக்கம்” என்றான். அவர் அசையவில்லை. படத்தையே பார்த்தார். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் அம்சம். அவருடைய வலது கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியவில்லை. பிடித்து நிறுத்தினால் சத்தம் வரும், விட்டால் உள்ளே போவார். அவன் நிலைப்படியில் குறுக்காக நின்றுகொண்டான், அவ்வளவுதான் அவனால் முடிந்தது. உள்ளே கெட்டிமேளம் கேட்டது.

“என்னைய மாதிரியே இல்ல,” என்றார் கிழவர். அது கேள்வியா, முடிவா என்று தெரியவில்லை. துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு மன்னார்குடி ரோட்டில் நடந்தார். திரும்பிப் பார்த்தாரா என்றால், ஒரு தடவை பார்த்தாராம். படத்தை இல்லை, மண்டபத்தின் பின்வாசலை.

பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போகும்வரை தம்பி வாயைத் திறக்கவில்லை. பின்வாசலுக்கு இரண்டு பையன்களை மட்டும் நிறுத்தினான். பிறகு அம்சத்தைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். மறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒரு தடவை கேட்காமல் செய்ததே போதும் என்று அவன் நினைத்திருப்பான்.

அம்சம் அழவில்லை. “நாம செஞ்சு வெச்சதுல எதை மாதிரி இருந்தாரு?” என்று கேட்டாள்.

“எதை மாதிரியும் இல்லக்கா. நாம குடுத்த வயசு அவருக்குப் பத்தல.”

அவள் வாசல் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். மகள் போய்விட்டாள். இனி அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

“மறக்கறதுக்குள்ள அந்த மூஞ்சிய செஞ்சு குடுங்க தம்பி,” என்றாள். “துண்டு கட்டுனது ஒண்ணு, கட்டாதது ஒண்ணு. கதவத் தட்டுனா, தெறக்கறதுக்கு முன்னாடி ஜன்னல்ல பாத்து எனக்குத் தெரியணும்.”

தம்பி கல்யாண வேட்டியோடு நேராகக் கடைக்குப் போனான். நான் கூடப் போய் ஷட்டரைத் தூக்கிவிட்டேன். அவன் உட்கார்ந்து, கன்னத்தைக் குழியாக்கி, தோலைக் கறுக்கவைத்து, இன்னும், இன்னும் என்று அந்த முகத்துக்கு வயது ஏற்றிக்கொண்டே போனான். அம்சம் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தடவை எழுந்திருக்காமல், பார்த்துக்கொண்டிருந்தாள்.