அம்சவேணி எண்ணிய இருபது வாளி

சென்னையை ஒட்டிய கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்ககத்தில் மொத்தம் எட்டு வீடுகள். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரலில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் வெறும் காற்றை இழுத்துச் சூடேறி நின்றது. அந்த வருடம் செயலாளர் வேலை என் தலையில் விழுந்திருந்தது. கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன், வேறு காரணம் கிடையாது. அதனால் தண்ணீர் லாரிக்காரரிடம் கெஞ்சுவது, வந்த லோடைத் தொட்டியில் இறக்குவது, மாதக் கடைசியில் எட்டு வீட்டிலும் காசு வாங்குவது எல்லாம் என் பாடு. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. தரைத்தளத்து ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்த அம்சவேணியைப் பற்றி.

அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கணவர் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர், இறந்து பதினோரு வருடமாகிவிட்டது. சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீடு. ஒரே மகள் ஓசூரில். அம்சவேணி இட்லி மாவு அரைத்து விற்றார். முதலில் ஐந்து கிலோ அரிசியில் தொடங்கியது, எங்களுக்குத் தெரியாமலே இருபது கிலோவாக வளர்ந்திருந்தது. தினமும் அறுபது பாக்கெட். மூன்று கடைகளுக்குப் போகும், எங்கள் அடுக்ககத்திலும் ஆறு வீடு வாங்கும். அதிகம் பேசமாட்டார். யாரிடமும் கைம்மாற்று கேட்டதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

முதலில் லாரிச் செலவை வீட்டுக்குச் சமமாகப் பிரித்தோம். பன்னிரண்டாயிரம் லிட்டர் லோடு இரண்டாயிரத்து இருநூறாக இருந்தவரை முணுமுணுப்போடு ஓடியது. மே மாதம் அது மூவாயிரத்து அறுநூறு ஆனது. மூன்று நாளைக்கு ஒரு லோடு. முதல் தளத்து நமச்சிவாயம் கொதித்துப்போனார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியும் அவருமாக இரண்டே பேர்.

"நாங்க ரெண்டு பேர் குளிக்கிறதுக்கும் மேல ஏழு பேர் குளிக்கிறதுக்கும் ஒரே காசா? இது எந்த ஊரு நியாயம் சார்?"

வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம் என்றேன். பிளம்பர் வந்து பார்த்துச் சிரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக்கு ஒரு குழாய், குளியலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தனித்தனியாக இறங்கியிருந்தது. வீட்டுக்கு மூன்று மீட்டர் வைக்க வேண்டும். செலவைக் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. நமச்சிவாயம் சொன்னபடி தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதாக முடிவானது.

இருபத்தாறு தலைகள். மே மாதம் பத்து லோடு, முப்பத்தாறாயிரம். தலைக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து. தனியாக இருந்த அம்சவேணிக்கு அவ்வளவுதான். முந்தைய முறை என்றால் நாலாயிரத்து ஐந்நூறு வந்திருக்கும். இரண்டாம் தளத்து டேவிட் ஞானராஜுக்கு ஒன்பதாயிரத்து எழுநூறுக்கு ஐந்து ரூபாய் குறைவு. அவர் வாடகைக்கு இருந்தார், வாடகை பன்னிரண்டாயிரம். கால் டாக்சி ஓட்டுபவர். மனைவி எஸ்தர், இரண்டு பிள்ளைகள். பிப்ரவரியில் தங்கை கணவர் விபத்தில் போய்விட, தங்கை ரூபி இரண்டு குழந்தைகளோடு வந்து சேர்ந்திருந்தாள். ரசீதைக் கையில் வாங்கிய டேவிட் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சண்டைக்குத் தயாராகத்தான் நான் படியேறிப் போனேன்.

தலைக்கணக்கு வந்தும் தொட்டி சீக்கிரமே காலியானது. நமச்சிவாயம் தினமும் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் படிக்கட்டில் நின்று, யாருக்கோ சொல்வதுபோல உரக்கச் சொல்வார்.

"எட்டு வீட்டுத் தண்ணியை ஒரே வீடு குடிக்குது. சத்திரம் நடத்துறவங்க சொந்தமா கிணறு வெட்டிக்கணும்."

தரைத்தளத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்சவேணி காதில் இது விழாமல் இருக்காது. அப்போது அவருக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான் என்று பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். 'நல்லவேளை, என் பேரு வரலை.' அதற்கப்புறம் அந்த நிம்மதியே அவரைக் குத்தத் தொடங்கியதாம்.

ஜூன் இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் எஸ்தர் மாவு வாங்கப் போயிருக்கிறாள். கூடவே ரூபியின் சின்னது, இரண்டு வயசு. அதன் கழுத்தெல்லாம் வேர்க்குரு பழுத்துக் கிடந்தது.

"என்னடி இது, குளிப்பாட்டுறதில்லையா?" என்று அம்சவேணி கேட்டார்.

"எங்கக்கா, நாலு பிள்ளைக்கும் சேத்து ஒரு வாளி. துணியெல்லாம் மூட்டை கட்டி பம்மல்ல தெரிஞ்சவங்க வீட்டுக்கு பஸ்ல கொண்டுபோய்த் துவைச்சுட்டு வரா ரூபி. அங்கயாவது கிணத்துல தண்ணி இருக்கு."

"அவ்வளவு இறுக்கியுமா அந்த மனுஷன் கத்துறாரு?"

"கத்துனா கத்தட்டும்க்கா, கேட்டுக்கலாம். காசுக்கு எங்க போறது? வர்ற திங்கக்கிழமை ரூபியை அவ மாமியார் ஊருக்கே அனுப்பிடலாம்னு இவரு சொல்றாரு. மூணு தலை குறையும்ல. அங்க போனா அவளைத் திங்கவிட மாட்டாங்க. அவளுக்கும் தெரியும். வாயே தொறக்காம பெட்டி அடுக்கிட்டிருக்கா."

எஸ்தர் மாவோடு போய்விட்டாள். அம்சவேணி கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து அவர் குழாயில் நேராகக் கழுவவில்லை. இருபது லிட்டர் வாளியை வைத்துப் பிடித்துப் பிடித்து எடுத்தார். ஒவ்வொரு வாளிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு. அரிசி நாலு தண்ணீர் களைய, உளுந்து களைய, ஊறவைக்க, அரைக்க, கிரைண்டர் கழுவ, அண்டா கழுவ, தரை கழுவ. மாவு வேலைக்கு மட்டும் இருபது கோடு. இன்னொரு நாள் எண்ணினார், பத்தொன்பது. அடுத்த நாளும் இருபது. நானூறு லிட்டர்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். டேவிட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுத வேண்டும் என்று நமச்சிவாயம் தயாராக வந்திருந்தார். டேவிட் தூணோரம் தலையைக் குனிந்து நின்றார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அம்சவேணி எழுந்தார். கையில் அந்தக் காலண்டர் தாள். 

"செக்ரட்டரி சார், தண்ணியைக் குடிக்கிறது டேவிட் தம்பி வீடு இல்ல. நான்தான்."

யாருக்கும் புரியவில்லை.

"மாவு வேலைக்கு தினம் இருபது வாளி ஆகுது. மூணு நாள் எண்ணிப் பாத்துட்டேன். ஒரு நாளைக்கு நம்ம எல்லாருக்கும் சேத்து ஆகுறது நாலாயிரம் லிட்டர்னா, அதுல பத்துல ஒரு பங்கு என்னோடது. நான் கட்டினது ஒரு தலைக்கு."

நமச்சிவாயத்துக்குக் கண் அகன்றது. "அப்ப இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"குடியிருக்கிற இடத்துல வியாபாரம் பண்றதே தப்பு. முதல்ல அதை நிறுத்துங்க!"

அம்சவேணி முகம் வெளுத்தது. அவர் பயந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஐந்து பேராகத் தங்கியிருந்த ஐ.டி. பையன்களில் ஒருவன், பிரணவ் என்று பெயர், பின்னாலிருந்து கத்தினான். "சார், அக்கா மாவை நிறுத்தினா நாங்க அஞ்சு பேரும் உங்க வீட்டுக்குத்தான் டிபனுக்கு வருவோம். பரவாயில்லையா?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்குமுன் நமச்சிவாயத்தின் மனைவி, கூட்டத்தில் அதுவரை வாய் திறந்திராத அம்மாள், கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"தினம் காலைல தட்டுல விழுற இட்லி மல்லிப்பூ மாதிரி இருக்குன்னு சொல்றீங்களே, அது யாரு கை மாவுன்னு நினைச்சீங்க? நான் அரைச்சதுன்னா?"

"நீ அரைச்சதுன்னுதானே சொன்னே?"

"நீங்க கேக்கல. நான் சொல்லல."

இந்த முறை டேவிட்டும் சிரித்துவிட்டார். நமச்சிவாயம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கணக்கு என்றால் அவருக்குக் கோபம் மறந்துவிடும். மனிதர் கெட்டவர் இல்லை.

ஒரு மணி நேரம் ஆனது. மொத்தச் செலவில் கால் பங்கை எட்டு வீடும் சமமாகக் கட்டுவது. படிக்கட்டு கழுவுவது, காவலாளிக்கு ஆவது, தொட்டி சுத்தம் செய்வது எல்லாம் எல்லாருக்கும் பொதுதானே. மிச்சம் முக்கால் பங்கு தலைக்கணக்கில். ஐந்து வயதுக்குள் இருந்தால் அரைத் தலை. எங்கள் அடுக்ககத்தில் அப்படி இருந்தது ரூபியின் பிள்ளைகள் இரண்டும் மட்டும்தான். அம்சவேணிக்கு அவரோடு சேர்த்து நாலு தலை. பத்து நாளுக்குக் குறைவாகத் தங்கும் விருந்தாளிக்குக் கணக்கில்லை.

"நாலு போதுமா? அஞ்சுன்னாலும் கட்டிடுவேன்" என்றார் அம்சவேணி.

"நானூறை ஒரு ஆள் தண்ணியால வகுத்தா மூணுதாம்மா வருது. தானம் பண்ணவா கூட்டம் போட்டோம்?" என்றார் நமச்சிவாயம், நிமிர்ந்து பார்க்காமலே.

எட்டில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, மஸ்கட்டில் இருந்த அதன் சொந்தக்காரர் மட்டும் தொலைபேசியில் குதித்தார். "ஆளே இல்லாத வீட்டுக்குத் தண்ணிக் காசா?" விற்கப் போகும்போது தண்ணீர் இல்லாத அடுக்ககம் என்று சொல்லி விலை பேசுவார்களே, பரவாயில்லையா என்று கேட்டேன். மறுநாள் பணம் வந்துவிட்டது.

ஜூன் மாத ரசீது டேவிட்டுக்கு ஏழாயிரத்துக்குள் அடங்கியது. அதுவும் பெரிய தொகைதான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தாங்கக்கூடிய தொகை. ரூபி ஊருக்குப் போகவில்லை. கூட்டம் முடிந்த அன்றே எஸ்தர் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். அம்சவேணிக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டினார், கூடுதல் செலவு அதிலேயே சரியாகிவிட்டது. கடைக்காரர்கள் மூவரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தக் கோடையில் எது விலை ஏறவில்லை?

கடைசியாகக் களைந்த இரண்டு தண்ணீரையும் இப்போது தனி அண்டாவில் பிடித்துவைத்தார். படிக்கட்டு கழுவுவதற்குக் காவலாளி அதைத்தான் எடுத்தார். ஜூலையில் ஒன்பது லோடிலேயே மாதம் ஓடியது.

அந்த ரசீதை அம்சவேணியிடம் கொடுக்கப் போனபோது கேட்டேன். "ஏன்க்கா, நீங்களா சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"தெரியாதுதான் தம்பி. ஆனா அந்த ஒரு மாசம் குழாயைத் தொறக்கிறப்பல்லாம் சத்தம் கேட்டுடுமோன்னு நூல் மாதிரி தொறப்பேன். சொந்த வீட்டுலயே திருடி மாதிரி. இப்பப் பாருங்க." குழாயை நன்றாகத் திருகினார். தண்ணீர் அரிசியின் மேல் தடதடவென்று கொட்டியது. "காசு கட்டிட்டேன். கொட்டட்டும்."

அப்புறம் உடனே பாதியாக மூடினார். "அதுக்காக வீணாக்கக் கூடாது" என்றார்.