ஆடித் தள்ளுபடியும் ஒரு பொறுப்பு ஒப்படைப்பும்

வேலையை விட்டுப் போகிறவர் எல்லோருக்கும் கடைசி வாரத்தில் ஒரு பெருந்தன்மை வந்துவிடும். எனக்கு முன்னால் இருந்த திட்ட மேலாளர் முகத்தில் அது வழிந்தது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் புது பில்லிங் மென்பொருள் போடும் வேலையை என்னிடம் ஒப்படைக்க, அடையாறு அலுவலகத்தில் குறிப்பு ஒன்றை நீட்டினார். மூன்று மாடிகள் புதியதற்கு மாறிவிட்டன, தரைத்தளம் மட்டும் பாக்கி. ஆடித் தள்ளுபடிக்கான கழிவுக் கணக்கைப் புதியதில் இன்னும் சோதிக்கவில்லை என்று ஆபத்துப் பகுதியில் ஒரு வரி. ஞாயிறன்று பழைய பில்லிங் நிறுத்தப்படும். கொடுத்த வாக்குறுதிகள்: எதுவும் இல்லை.

நான் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு விடுவிப்புக் கடிதம். கடைக்காரரைப் பார்க்காமல் போடமாட்டேன் என்றேன். அவருக்குச் சுருக்கென்றது.

கடையில் முதலாளி அண்ணாச்சி எங்களை உட்காரக்கூட விடவில்லை. "ஞாயித்துக்கிழமை பழசை நிறுத்துறதா பையம்மாரு பேசிக்கிடுதானுவ. ஆடி முடியிற வரைக்கும் பழசும் ஓடும்னு இந்தத் தம்பி சொன்னாவள்லா?"

சோதிக்காத கழிவுக் கணக்கு, கைகொடுக்கப் பழையதும் இல்லை, தள்ளுபடிக் கூட்டமோ அடுத்த வாரம். பில் போடும் இடத்தில் வரிசை நின்றுவிட்டால் அந்த ஆடி அண்ணாச்சிக்குப் போனதுதான்.

பழைய மேலாளரைத் தனியே படிக்கட்டுக்கு அழைத்துப்போய்க் கேட்டேன்.

"மேடம், டீ குடிக்கும்போது பேச்சுவாக்குல சொன்னது. மெயில்ல எங்கயும் இல்ல, பாருங்க."

"இந்தத் தெருவுல டீ குடிச்சுட்டுதான் சார் வியாபாரமே நடக்குது. அவர் உங்க மெயிலை என்னிக்குப் படிச்சார்?"

கோபத்தில் என் குரல் துணி மடிப்பவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. அவர் படிக்கட்டிலேயே மடிக்கணினியைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தை ரத்து செய்ய அணிக்கு எழுதினார். பிறகு வாய்வார்த்தையாகச் சொன்னதையெல்லாம் குறிப்பில் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர். கழிவுக் கணக்குச் சோதனை ஆபத்துப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது.

திரும்பிப் போய் அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் சரி. ஒண்ணை விட்டுட்டியளே தம்பி. விற்பனை தொடங்குற அன்னிக்குக் கல்லாப் பக்கத்துல நானே நிப்பேன்னு சொன்னியள்லா?"

பழைய மேலாளர் தலை குனிந்துகொண்டார். அன்று அவர் வேறு கம்பெனியில் இருப்பார். அதுவரை இருந்த எரிச்சல் போய், அவரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எழுதிக்கறேன் அண்ணாச்சி," என்றேன்.

"யாரு பேரைப் போடுவிய?"

அவர் அப்போதும் நிமிரவில்லை. நான் என் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அண்ணாச்சி அதன்பின் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "காலையில எத்தனை மணிக்கு வருவிய?" என்று என்னைக் கேட்டார்.