தரையில் கிடந்த ஹோஸ்

வாஷிங் மெஷின் ரிப்பேரில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவரை எல்லோரும் வால்வு என்றே அழைத்தார்கள். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் வால்வைத்தான் கழற்றுவார். பெரும்பாலும் அதுதான் கோளாறாகவும் இருக்கும். கைராசிக்காரர் என்ற பெயரை அப்படித்தான் சம்பாதித்தார். மனைவியின் தங்கை கணவன் அதே தொழிலுக்கு வரும்வரை அந்தப் பெயருக்குப் பங்காளி இல்லை.

சகலையைத் தன் கம்பெனியில் சேர்த்துவிட்டதே வால்வுதான். என் வாயாலேயே வினையை வாங்கினேன் என்று அதற்குப் பிறகு தினமும் நொந்துகொண்டார். சகலை சிரித்துப் பேசுவான், கையில் அழுக்கு ஒட்டாது, வாடிக்கையாளர்கள் அவன் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். புது மாடல் மெஷின்களுக்கான வகுப்பைக் கம்பெனி அவனிடம் ஒப்படைத்தபோது, வால்வு அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அவன் பலகையில் எழுத, தான் பெஞ்சில் உட்காருவதா?

வால்வுக்கு மிச்சமிருந்த கோட்டை ஒன்றுதான், பெண்கள் விடுதி. வார்டன் அம்மாள் பதினைந்து வருடமாக அவரைத் தவிர யாரையும் கூப்பிட்டதில்லை. அங்கே புதிதாக வாங்கிய மெஷினைப் பொருத்தக் கம்பெனி சகலையை அனுப்பியது. 

மறுநாள் விடுதியின் பழைய மெஷினைப் பார்க்கப் போனார். வார்டன் வெளியே போயிருந்தார். பக்கத்திலேயே புதியது. தரைச் சாக்கடை ஓட்டையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப் நட்டு, அதன் வாயில் மெஷினின் கழிவுநீர் ஹோஸை வளைத்து மாட்டியிருந்தான் சகலை. பைப்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் விரல் போகும் இடைவெளி.

"தண்ணி மேல ஏறுமாடா? இதுக்கா உனக்கு இவ்ளோ பேரு?" என்று ஆளில்லாத அறையில் கேட்டார்.

பைப்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். ஹோஸைத் தரையோடு கிடத்தி ஓட்டைக்குள் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டினார். பழைய மெஷின்களுக்கு அப்படித்தான் செய்வார். அவற்றில் தண்ணீரை அடைத்து நிறுத்த உள்ளே வால்வு உண்டு, அதைத் திறந்தபின் ஹோஸ் கீழே கிடந்தால்தான் தண்ணீர் ஓடும். புதியதில் பம்ப் மட்டும்தான், அடைக்க எதுவும் இல்லை. ஹோஸின் உயரமே தண்ணீரை நிறுத்தி வைக்கும். அந்தக் காய்ச்சல் நாளில் வகுப்பில் சொன்ன பாடம் இது.

அடுத்த நாள் மதியம் வார்டன் இருவரையும் வரவழைத்தார். மெஷின் ஒரு மணி நேரமாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. ஒரு பக்கம் நிரம்ப, மறுபக்கம் ஹோஸ் வழியே சாக்கடைக்குப் போக, மாடித் தொட்டி காலி. நாற்பது பெண்கள் வாளியோடு நின்றார்கள்.

"நீதானேப்பா மாட்டுன? இதுதான் லட்சணமா?" வார்டன் சகலையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே வழக்கம்போல இவரே போதும்."

வால்வுக்கு உச்சி குளிர்ந்தது. சகலை ஓரத்தில் கிடந்த பைப்பைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான், வால்வைப் பார்த்தான். டேப்பை உரித்து, ஹோஸை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். சமையலறையில் பிடித்து வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரை மெஷினுக்குள் ஊற்றச் சொன்னான். ஊற்றிய தண்ணீர் சொட்டுக்கூட வெளியேறாமல் உள்ளேயே நின்றது.

"அண்ணே, கொஞ்சம் பிடிங்க" என்று ஹோஸை வால்வின் கையில் கொடுத்துவிட்டு, பைப்பை மறுபடி நட்டு, சுவரோடு கிளாம்ப் அடித்தான். ஹோஸை அரை அடி மட்டும் உள்ளே விட்டான்.

"இந்த இடைவெளிய அடைக்கக் கூடாதும்மா. காத்து போகணும். இல்லன்னா ஹோஸ் தண்ணிய உறிஞ்சி வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும்."

"அப்போ யாரு கழட்டுனா?"

"என் தப்புதாம்மா. கிளாம்ப் போடாம விட்டுட்டேன், பைப் சாஞ்சிருக்கும், யாரோ டேப் ஒட்டி வச்சிருக்காங்க. அண்ணன் அன்னைக்கே கிளாம்ப் போடச் சொன்னாரு, நான்தான் கேக்கல."

வால்வுக்கு அதைத் தாங்க முடியவில்லை. வேலை தெரிந்தவன் என்ற பெயர் ஏற்கெனவே அவனுக்கு. இப்போது பெருந்தன்மையையும் அவனே தூக்கிக்கொண்டு போவதா? தான் வாயை மூடிக்கொண்டால், ஆயுசுக்கும் இவன் போட்ட பிச்சையில் கைராசிக்காரராக இருக்க வேண்டும்.

"நான்தான் கழட்டுனேன்" என்றார். "எவனும் எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

வார்டன் உரித்துப் போட்ட டேப்பைக் காலால் ஓரம் தள்ளினார்.

"பதினஞ்சு வருஷம் உங்களை நம்புனேன்" என்றார். பிறகு சகலையிடம் திரும்பி, "உன் நம்பர குடுப்பா" என்றார்.

படி இறங்கும்போது சகலை மெதுவாகக் கேட்டான்: "ஏண்ணே சொன்னீங்க? நான்தான் சமாளிச்சுட்டேன்ல?"

"அதனாலதான்" என்றார் வால்வு.