அக்காவின் வெறும் வயிறு

அந்தச் சனிக்கிழமைக்கான குறிப்பு என் நோட்டில் வியாழனிலேயே தொடங்குகிறது. வியாழன் முதல் பருப்பு, கோஸ், கொண்டைக்கடலை, சோடா கிடையாது. சாப்பாட்டுக்குப் பின் டாக்டர் எழுதிய வாயு மாத்திரை. வெள்ளி இரவு எட்டு மணிக்கு இட்லி, அதோடு சரி, பிறகு வெறும் வயிறு. சனி காலை எட்டு மணிக்கு நான்கு டம்ளர் தண்ணீர். பிறகு ஸ்கேன் முடியும்வரை சிறுநீர் கழிக்கக் கூடாது. மாதுங்கா ஸ்கேன் சென்டரில் கொடுத்த ஆங்கிலத் தாளைப் பார்த்து அக்காவுக்காக நான் எழுதியது. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால், செம்பூரிலிருந்து தாராவிக்குப் போய் வாசித்தும் காட்டினேன்.

காரணம், வயிற்றுவலிக்காகப் பத்து நாள் முன்பு எடுத்த முதல் ஸ்கேன். அன்று எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போயிருந்தாள். வாயு மறைத்ததில் படம் சரியாக விழவில்லை. பித்தப்பையில் ஏதோ தெரிகிறது, கல்லா வளர்ச்சியா என்று சொல்ல இயலவில்லை, வயிறு முழுவதும் மறுபடி எடுக்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. 'வளர்ச்சி' என்றால் கட்டியாகவும் இருக்கலாம் என்று நான் விளக்கியபிறகு அக்கா அதைப் பற்றிப் பேசவேயில்லை. தையல் பட்டறையில் ஒரு நாள் லீவு மட்டும் கேட்டு வாங்கினாள்.

ஒன்பது மணிக்கு சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அடிவயிறு முட்டி, அக்கா கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன் இரண்டு பேர். சும்மா பேச்சுக்கொடுப்பதற்காக, ரொம்பப் பசிக்கிறதா என்று கேட்டேன்.

"அவ்வளவு இல்லல. காலைல அஞ்சரைக்கு ஒரு டம்ளர் பாலும் ரெண்டு வாழப்பழமும் எடுத்தேன்லா."

வெறும் வயிறு என்று எழுதியிருந்தேனே என்றேன்.

"சோறா தின்னேன்? சஷ்டிக்கு இருக்க மாரிதானல இருந்தேன். பாலும் பழமும் எந்த விரதத்துல ஆகாது?"

வருடம் தவறாமல் ஆறு நாள் சஷ்டி விரதம் இருப்பவள். பட்டினி என்றால் அவள் அறிந்தது அதுதான். இரவு எட்டு மணிக்குப் பிறகு எதுவும் கூடாது என்பதைச் சொன்ன நான், பாலைத் தனியாகச் சொல்லவில்லை. பால் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கி, உள்ளிருக்கும் பித்தத்தைக் குடலுக்குத் தள்ளிவிடும். சுருங்கிய பையில் எதைப் பார்ப்பது? பால் கூடாது என்று தாளில் அச்சாகியே இருந்தது.

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. திருப்பி அனுப்பிருவாவ. இன்னொரு நாளு லீவுக்கு நான் எங்கல போவேன்?"

சொல்லாவிட்டால் இன்றும் அதே ரிப்போர்ட்தான் வரும், இன்னும் பத்து நாள் அதே பயத்தோடு தூங்க வேண்டும் என்றேன். கையை எடுத்தாள்.

கவுண்டரில் இருந்த மராத்திப் பெண் உள்ளே போய்க் கேட்டு வந்தாள். சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதால் அடிவயிற்றை இப்போதே பார்த்துவிடலாம். மேல்வயிற்றுக்கு, பால் குடித்து எட்டு மணி நேரமாவது ஆக வேண்டும். டாக்டரம்மா இரண்டு மணி வரை இருப்பார். ஒன்றரைக்கு வரலாம், அதுவரை கொஞ்சம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

அடிவயிறு பத்தே நிமிடத்தில் முடிந்தது, கர்ப்பப்பையில் குறையில்லை. அக்கா கழிப்பறைக்கு ஓடிப்போய் வந்தாள்.

அதற்குப்பின் நாலு மணி நேரம் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி மெல்ல நடந்தோம். நடந்தால் வாயு இறங்கும் என்று நான்தான் நடக்கவைத்தேன். அவளிடமிருந்து வெற்றிலைப் பையை வாங்கி வைத்துக்கொண்டேன். மெல்லும்போது காற்றையும் சேர்த்து விழுங்குவோம். ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் சாம்பார் வாசனை. பன்னிரண்டு மணிக்கு அக்கா ஒரு பூக்கடை ஓரம் நின்று, வளர்ச்சி என்றால் எத்தனை நாள் உயிரோடு இருக்கலாம் என்று என்னைப் பார்க்காமல் கேட்டாள். தெரியாது என்றேன். மறுபடி நடந்தோம்.

ஒன்று நாற்பதுக்கு அழைத்தார்கள். நான் திரைக்கு இப்பால் நின்றேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. பித்தப்பை இப்போது நன்றாக விரிந்திருக்கிறது என்றார். இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னார். கட்டில் கிரீச்சிட்டது.

"ஹில் ரஹா ஹை" என்றார். நகர்கிறது. கல்தான், அதனால்தான் திரும்பினால் உருள்கிறது, பின்னால் நிழலும் விழுகிறது. வளர்ச்சியாக இருந்தால் சுவரோடு ஒட்டி நிற்கும் என்று ஹிந்தியில் விளக்கினார். பையின் சுவர் சீராக இருக்கிறது, பித்தக்குழாயும் வீங்கவில்லை; வலி இருப்பதால் சர்ஜனைப் பார்க்கச் சொன்னார்.

அக்கா ஹிந்தியில் மெதுவாகக் கேட்டாள், தானும் அந்தக் கல்லைப் பார்க்கலாமா என்று. டாக்டரம்மா மானிட்டரை அவள் பக்கம் திருப்பிவைத்து, மறுபடி மல்லாக்கப் படுக்கச் சொன்னார்.

"ஏல, வந்து பாரு," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "உருளுதுல."