அவசரத்துக்கு வந்த லொறிகள்

எண்பத்துநாலில் நான் வீதி வேலைப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்தேன். புங்குடுதீவுக்குள்ளால் நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற றோட்டின் கடைசித் துண்டைத் திருத்தித் தார் போடும் வேலை என் தலையில் விழுந்தது. நயினாதீவுத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு பெரிய மனிதர் வரப்போகிறார், அதற்கு முன்னால் வீதி மினுங்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கணக்குப்படி பதினெட்டு நாள் வேலை. கையில் இருந்ததோ பதினாலு நாள்.

வேலை மூன்றே மூன்றுதான். குழிகளை வெட்டி அடைக்கப் பத்து நாள். அதே நேரத்தில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து லொறியில் சல்லிக்கல் ஏற்றிவர ஆறு நாள். இரண்டும் முடிந்த பிறகு தார் ஊற்றி, சல்லி தூவி, றோலர் ஓட்ட எட்டு நாள். குழி அடைப்பு இழுபட்டால் முழு வேலையும் இழுபடும். சல்லி நாலு நாள் பிந்தினாலும் ஒருவருக்கும் ஒரு தோஷமுமில்லை. இது எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது.

எங்கள் பொறியியலாளருக்கு அது தெரியவில்லை. அவர் நகரத்து அலுவலகத்திலிருந்து ஜீப்பில் வந்து, இறங்காமலே வேலை பார்க்கிறவர். சத்தமும் புழுதியும் எழும்பினால்தான் வேலை நடக்கிறதென்று நம்புகிறவர்.

“இன்னும் மூண்டு லொறியை வாடகைக்குப் பிடியும்,” என்றார்.

“சேர், சல்லி கெதியா வந்தாலும் நாள் குறையாது. குழி அடைக்க இன்னொரு கூட்டம் ஆக்களைப் போடுவம். நாலு நாள் மிச்சம் பிடிக்கலாம். அதுக்குச் செலவு லொறி வாடகையில அரைவாசிகூட வராது.”

“நீர் ஆக்களைப் பாக்கிறீர், நான் வேலையைப் பாக்கிறன். எல்லாத்தையும் துரிதப்படுத்தவேணும்.”

எல்லாத்தையும் என்று அவர் சொன்னது லொறிகளைத்தான். குழி வெட்டுகிறவன் சத்தமில்லாமல் குந்தியிருந்து வெட்டுவான். அது ஜீப்புக்குள்ளிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

லொறிகள் வந்தன. மூன்றே நாளில் சல்லி முழுக்க வந்து வீதியோரம் மலை மலையாகக் குவிந்தது. பொறியியலாளர் வந்து பார்த்துவிட்டு, “கண்டீரே?” என்றார். கண்டேன். குவியல்களுக்கிடையில் குழிகள் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஊர்ச் சனம் சும்மா இருக்குமா? வீட்டு வளவுப் பாதைக்கும் கிணற்றடிக்கும் ஓலைக் கடகம் கடகமாகச் சல்லி நடந்தது. ஒரு அக்காவிடம், “இது அரசாங்கச் சாமான்,” என்றேன். “ஓம் தம்பி, தெரியும். சும்மா கிடக்குதெண்டுதான் எடுத்தனான்,” என்றாள்.

ஐந்தாம் நாள் முடிவில் குழிகளில் பாதிதான் அடைபட்டிருந்தது. அன்றைக்குத்தான் பொறியியலாளர் முதன்முதலாக ஜீப்பை விட்டு இறங்கினார். சப்பாத்தில் புழுதி பட்டதும் முகம் மாறிவிட்டது.

“சல்லி வந்திட்டுதே, பிறகென்ன சுணக்கம்?”

“குழிக்கு மேல தார் ஊத்த ஏலாது சேர்.”

“அப்ப அந்த இன்னொரு கூட்டத்தைப் போடும்.”

போட்டோம். மிச்சம் இருந்த ஐந்து நாள் வேலை மூன்று நாளில் முடிந்தது. ஆனால் முதல் நாளே போட்டிருந்தால் கிடைத்திருக்கும் நாலு நாளில் இரண்டுதான் கைக்கு வந்தது. மற்ற இரண்டையும் இனித் தார் வேலையில்தான் பிடுங்க வேண்டும். அதற்கு நகரத்திலிருந்து இரண்டாவது றோலரும், தார் காய்ச்ச இன்னொரு கூட்டமும் வேண்டும். தார் வேலையில் ஒரு நாளைக் குறைக்கிற செலவு, குழி அடைப்பில் ஒரு நாளைக் குறைக்கிறதைவிடப் பல மடங்கு. லொறிகளில் காசு ஏற்கெனவே புழுதியாய்ப் பறந்துவிட்டது. பொறியியலாளர் மேலிடத்தைக் கெஞ்சி மேலதிக ஒதுக்கீடு வாங்கினார். வளவுகளுக்கு நடந்துபோன சல்லிக்குப் பதிலாக இன்னொரு லொறியும் வர வேண்டியிருந்தது.

இரண்டு றோலர்களும் ஆளுக்கொரு பக்கமாக உருண்டன. வேலையாட்களை மேற்பார்க்கிற எங்கள் ஓவசியர் அண்ணை தார்ப் புகையில் கண் சிவக்க நின்று, “இந்தக் காசுக்கு நெடுந்தீவுக்கே றோட்டுப் போட்டிருக்கலாம்,” என்றார். “கடலுக்கு மேலாலயோ?” என்றேன். “ஓம். அதுக்கும் முதல் லொறிதான் பிடிப்பினம்,” என்றார்.

பதினாலாம் நாள் பின்னேரம் கடைசிச் சல்லி அமுங்கியது. எனக்குச் சந்தோஷமும் வந்தது, அதைவிடக் கூடுதலாக வயிற்றெரிச்சலும் வந்தது.

அடுத்த நாள் பெரிய மனிதர் வந்தார். இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த நேரம் வீதியைப் புகழ்ந்து, எப்படி இவ்வளவு கெதியாக முடித்தீர்கள் என்று கேட்டார். பொறியியலாளர் நிமிர்ந்து நின்றார்.

“லொறிகளைக் கூட்டினனான் சேர்.”

பெரிய மனிதர் அவர் தோளில் தட்டினார். நான் பின்னுக்கு நின்று, சேட்டிலிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் பொறியியலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. புதிய உத்தியோகத்தர்களுக்கு வேலைத் திட்டமிடல் படிப்பிக்கிற பொறுப்பும் அவருக்கே போனது.